கௌரிக்கு வரும் கடிதம் எங்கே நிற்கிறது?

கௌரி@உதாரணம்.இந்தியா என்று ஒருவர் மின்னஞ்சல் முகவரி வைத்திருப்பதாகக் கொள்வோம். @ குறிக்குப் பின்னால் வரும் தளப்பெயரால் தொல்லை இல்லை. அதற்கு ஆங்கில எழுத்தில் ஒரு மாற்று வடிவம் உண்டு; .இந்தியா என்பதை xn--xkc2dl3a5ee0h என்று எழுதினால் பழைய சர்வரும் புரிந்துகொள்ளும். முன்னால் நிற்கும் 'கௌரி'க்கு அந்த வழி கிடையாது. அந்தப் பெயர் யாருடையது என்பதை அஞ்சல்பெட்டி இருக்கும் சர்வர்தான் முடிவுசெய்யும். வழியில் உள்ள வேறெந்தச் சர்வரும் அதை மாற்றி எழுதக் கூடாது.

ஆகவே, தமிழ்ப் பெயர் தமிழாகவே கடைசி வரை போக வேண்டும். அதற்கான விதிமுறை 2012-இல் முறையாக வெளியானது. அனுப்பும் சர்வர் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டதும், பெறும் சர்வர் தனக்குத் தெரிந்த வசதிகளைச் சொல்லும். அதில் SMTPUTF8 இருந்தால்தான் அடுத்த அடி.

```
EHLO mail.example.com
250-mx.example.net
250 SMTPUTF8
MAIL FROM:<கௌரி@உதாரணம்.இந்தியா> SMTPUTF8
```

அந்தச் சொல் இல்லையென்றால் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். முன்பு நடந்த சோதனைகளில், ஆங்கில முகவரி ஒன்றையும் கூடவே அனுப்பி, தேவைப்பட்ட இடத்தில் அதற்கு மாறிக்கொள்ளப் பார்த்தார்கள். நடுவழியில் முகவரி மாறினால் குழப்பம்தான் மிஞ்சும் என்று அதைக் கைவிட்டார்கள். சரியான முடிவு என்றே நினைக்கிறேன். யாருக்குப் போனது என்று தெரியாத கடிதத்தைவிட, திரும்பி வந்த கடிதம் மேல்.

ஆனால் ஒரு கடிதம் பல சர்வர்களைக் கடந்து போகிறது. ஜிமெயில் 2014-லேயே இத்தகைய முகவரிகளோடு கடிதம் பரிமாறத் தொடங்கியது. போஸ்ட்ஃபிக்ஸ் மென்பொருளில் 2015 முதல் இந்த வசதி உண்டு. அப்படியிருந்தும், ஓர் அலுவலகத்தின் வாசலில் இருக்கும் ஸ்பேம் வடிகட்டி வாங்கிக்கொண்ட கடிதத்தை உள்ளே இருக்கும் பழைய சர்வர் மறுத்துவிடலாம். திரும்பி வரும் அறிவிப்பில் 5.6.7 என்ற எண் இருந்தால் தமிழ் முகவரியை ஏற்காததே காரணம், 5.1.1 என்றால் அப்படியொரு பெட்டியே இல்லை. இதற்காகவே, அதே பெட்டிக்கு gowri என்று ஓர் ஆங்கிலப் பெயரையும் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். தமிழ் முகவரி போகாத இடத்துக்கு, கௌரி அதிலிருந்து எழுதலாம்.

எனக்கு இதைவிடக் கவலை தருவது எழுத்து. 'கௌ'வின் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், இரண்டு துண்டுகளாகவும் சேமிக்கலாம். யூனிகோடின் என்.எஃப்.சி. முறை இரண்டையும் ஒன்றாக்கிவிடும். ஆனால் பலர் ஒற்றைக்கொம்பு போட்டு, பக்கத்தில் 'ள' எழுத்தையே தட்டுகிறார்கள். கௌரி, கெளரி: பெரும்பாலான எழுத்துருக்களில் கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு வேறு பெயர். என்.எஃப்.சி. இவற்றை இணைக்காது. இரண்டாவது பெயரில் வேறொருவர் பெட்டி திறந்தால், கௌரியின் வங்கிக் கடிதம் அவருக்குப் போய்விடும். சர்வரை நடத்துபவர் பெட்டி திறக்கும் அன்றே இரண்டு வடிவங்களையும் ஒரே கௌரிக்குப் பதிந்துவிட வேண்டும்.