பஸ்ஸைப் பிடித்தால் விடலாமா?

1981இல் வெளிவந்த ஐபிஎம் பிசியின் ஃபிளாப்பி டிரைவ், 32 மைக்ரோ விநாடிக்கு ஒரு பைட் என்ற வேகத்தில்தான் தரவைக் கொடுக்கும். ஒரு செக்டரில் 512 பைட். பெருக்கினால் 16,384 மைக்ரோ விநாடி. அதாவது, படிக்கும் தலைக்கடியில் செக்டர் முழுவதும் கடந்துபோக 16.4 மில்லி விநாடி ஆகும்.

வந்து விழும் பைட்டுகளை நினைவகத்தில் சேர்ப்பது இன்டெல் 8237 என்ற டிஎம்ஏ சிப்பின் வேலை. ஆனால் நினைவகத்துக்குப் போகும் பாதையான பஸ் ஒன்றுதான். டிஎம்ஏ அதை எடுத்துக்கொண்டால் 8088 பிராசஸர் ஒதுங்கி நிற்க வேண்டும். ஒரு பைட்டை மாற்ற டிஎம்ஏவுக்கு ஐந்து கிளாக் பிடிக்கும். 4.77 மெகாஹெர்ட்ஸில் அது 1.05 மைக்ரோ விநாடி. பஸ்ஸைக் கைமாற்றி வாங்கிக் கொடுக்க இன்னும் இரண்டு கிளாக், சுமார் 0.42 மைக்ரோ விநாடி என்று வைத்துக்கொள்வோம்.

பர்ஸ்ட் முறையில் பஸ்ஸை ஒருமுறை வாங்கினால் வேலை முடியும்வரை விடுவதில்லை. 512 × 1.05 = 537.6, கைமாற்றம் ஒரே முறை என்பதால் மொத்தம் 538. சைக்கிள் ஸ்டீலிங்கில் ஒவ்வொரு பைட்டுக்கும் பஸ்ஸைக் கேட்டு வாங்கி, உடனே திருப்பித் தர வேண்டும். 512 × 1.47 = சுமார் 753.

அப்படியானால் பர்ஸ்ட்தான் வேகம் என்று விடை எழுதிவிடுகிற மாணவர்கள் உண்டு. 538 என்பது 512 பைட்டும் ஏற்கெனவே ஒரு பஃபரில் தயாராகக் காத்திருந்தால் மட்டுமே பொருந்தும். பிசியின் ஃபிளாப்பி கன்ட்ரோலரில் செக்டரைத் தேக்கிவைக்க இடமே கிடையாது. அடுத்த பைட்டுக்காகப் பஸ்ஸைப் பிடித்தபடியே காத்திருந்தால் பிராசஸர் 16.4 மில்லி விநாடியும் முடங்கிக் கிடக்கும். சைக்கிள் ஸ்டீலிங்கிலும் செக்டர் வந்து சேர அதே 16.4 மில்லி விநாடிதான். ஆனால் அதில் பிராசஸர் இழப்பது 753 மைக்ரோ விநாடி, வெறும் 4.6 சதவீதம். அதுகூட அதிகபட்சக் கணக்கு. முன்கூட்டியே எடுத்துவைத்த கட்டளைகள் கைவசம் இருந்தால், பஸ் இல்லாத அந்த நொடித்துளியிலும் 8088 தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பிசியின் நினைவகச் சிப்புகளை இரண்டு மில்லி விநாடிக்குள் ஒருமுறை புதுப்பிக்காவிட்டால் தரவு அழிந்துபோகலாம். அந்தப் புதுப்பித்தலைச் செய்வதும் இதே 8237தான், சுமார் 15 மைக்ரோ விநாடிக்கு ஒரு முறை. ஃபிளாப்பிக்காக அதன் பஸ்ஸை 16 மில்லி விநாடி அடைத்தால் நினைவகமே ஆட்டம் கண்டுவிடும். அதனால் அங்கே பைட்டுக்கு ஒரு முறை விட்டுக்கொடுக்கும் முறையே தேர்வானது.

அதற்கும் ஓர் எல்லை உண்டு. அடுத்த பைட் வருவதற்குள் பஸ் கிடைக்காவிட்டால் முந்தையது தொலையும். கன்ட்ரோலர் தன் நிலைப் பதிவேட்டில் ஓவர்ரன் பிட்டை உயர்த்தும். மென்பொருள் அதைப் பார்த்துச் செக்டரை மறுபடி படிக்க வேண்டும். அதற்குத் தட்டு ஒரு சுற்றுச் சுற்றி வரவேண்டும். நிமிடத்துக்கு 300 சுற்று என்பதால் 200 மில்லி விநாடி.