இரண்டு நாள் தஞ்சை, ஏழு அட்டைகளில்

இன்ஸ்டாகிராமில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்கும் பயண அட்டைகளை, கேரசல் என்கிறார்களே, அவற்றை ஆயிரக்கணக்கானோர் சேமித்து வைக்கிறார்கள். அதை நம்பிப் பெட்டி கட்டலாமா என்று பார்க்க நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான்: கோயில் நடை சாத்தும் நேரம் அதில் இருக்கிறதா? தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் பெரும்பாலான கோயில்கள் நண்பகல் வாக்கில் சாத்தி, மாலை நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். பகல் இரண்டு மணிக்கு ஒரு கோயிலை எழுதி வைத்திருக்கும் அட்டையை அந்த ஊருக்குப் போகாமலே தயாரித்திருக்கிறார்கள்.

சென்னையிலிருந்து குறைந்த செலவில் ஒரு வார இறுதிப் பயணத்தை இப்படி அமைக்கலாம். முதல் அட்டையில் ஊர், நாட்கள், தலைக்கு ஆகும் தொகை. இரண்டாவதில் ரயில். வெள்ளி இரவு எழும்பூரில் உழவன் விரைவு ரயில் ஏறினால் விடிகாலையில் தஞ்சாவூர். திரும்புவதற்கு ஞாயிறு இரவு கும்பகோணத்திலேயே அதே ரயிலைப் பிடிக்கலாம். இரண்டு இரவும் ரயிலில் கழிவதால் ஒரே ஒரு இரவுக்குத்தான் அறை வாடகை.

மூன்றாவது அட்டை சனிக்கிழமை. காலை 6.30-க்கு லாட்ஜ், 7.15-க்கு டிபன், 8 மணிக்குப் பெரிய கோயில். 1010-இல் ராஜராஜன் கட்டி முடித்த விமானத்தை, கருங்கல் தளம் சூடேறும் முன் நிதானமாகச் சுற்றி வர இரண்டு மணி நேரமாவது வேண்டும். 10.30-க்கு அரண்மனையின் கலைக்கூடம், அங்குள்ள சோழர் காலச் செப்புத் திருமேனிகள். ஒரு மணிக்குச் சாப்பாடு, பிறகு நாலு வரை தூக்கம். அந்தத் தூக்கத்தைப் பலர் அட்டையில் எழுத வெட்கப்படுகிறார்கள். ரயிலில் அரைகுறையாகத் தூங்கிய உடம்புக்கு அது கட்டாயம் தேவை. 5 மணிக்கு மறுபடியும் பெரிய கோயில். சாயும் வெயிலில் அதே கல் வேறு நிறம் காட்டும். ஊர்க்காரர்களும் குழந்தைகளோடு வந்து பிரகாரத்தில் உட்கார்ந்திருப்பார்கள்.

நான்காவது அட்டை ஞாயிறு. இங்கேதான் கணக்கு தவறும். நம் ஊர்ப் பக்கம் பல லாட்ஜ்களில் 24 மணி நேர வாடகை. காலை 6.30-க்கு நுழைந்தால் மறுநாள் 6.30-க்குள் காலி செய்ய வேண்டும். தாண்டினால் இன்னொரு நாள் வாடகை கேட்பார்கள். ஆகவே 6 மணிக்கே கிளம்பி, கும்பகோணம் பஸ்ஸில் ஏறி, ஊருக்குச் சற்று முன்பாகத் தாராசுரத்தில் இறங்க வேண்டும். இரண்டாம் ராஜராஜன் எழுப்பிய ஐராவதேசுவரர் கோயிலில் தேர் வடிவ மண்டபமும், அடியார் கதைகளைச் சொல்லும் சின்னஞ்சிறு சிற்பங்களும் காலை வெளிச்சத்தில் தெளிவாகத் தெரியும். 11 மணி வரை அங்கேயே இருக்கலாம். பிறகு கும்பகோணத்தில் சாப்பாடு, மகாமகக் குளக்கரை, நாலு மணிக்கு மேல் சாரங்கபாணி கோயில், ஒரு டிகிரி காபி, ரயில்.

ஐந்தாவது அட்டை செலவு. இருவர் ஓர் அறையைப் பகிர்ந்தால் தலைக்குத் தோராயமாக இப்படி வரும்:

ரயில், படுக்கை வசதி, போக வர: 500
அறையில் பாதி: 500
இரண்டு நாள் சாப்பாடு, காபி: 680
பஸ், ஆட்டோ: 250
அரண்மனை நுழைவு: 100

மொத்தம் 2,030 ரூபாய். இதில் பத்து சதவீதம் கூட்டி 2,230 என்று போடுவதே நேர்மை. தனியாகப் போகிறவருக்கு முழு அறை வாடகையும் தன் தலையில். 500 ரூபாய் ஏறும், ஆட்டோவும் கூடும். இத்தனை பேர் என்று சொல்லாமல் தலைக்கு இவ்வளவு என்று மட்டும் எழுதிய அட்டை, தனியாகப் போகிறவரை ஏமாற்றிவிடும். வீட்டிலிருந்து எழும்பூர் போய்வரும் செலவையும் அவரவர் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆறாவது அட்டையில் எடுத்துச் செல்ல வேண்டியவை. ஞாயிறு முழுக்கப் பையைத் தோளில் சுமக்கப்போவதால் பட்டியல் சிறியதாக இருப்பதே நல்லது. கெட்டியான பருத்திக் காலுறை ஒரு ஜோடி (செருப்பை வெளியே விட்ட பிறகு வெயிலில் கொதிக்கும் கல்லில் நடக்க), மாற்றுடை இரண்டு, துண்டு, தண்ணீர் பாட்டில், அசல் அடையாள அட்டை, பவர் பேங்க், பஸ்ஸுக்கும் செருப்பு வைக்கும் இடத்துக்கும் பத்து இருபது ரூபாய்ச் சில்லறை.

ஏழாவது அட்டையில், விலைகளை எந்த மாதம் விசாரித்தது என்று எழுத வேண்டும். ரயில் முன்பதிவு பற்றிய ஒரு வரியும் வேண்டும்: 2024 நவம்பரிலிருந்து 60 நாட்களுக்கு முன்புதான் பதிவு தொடங்குகிறது. வார இறுதி இருக்கைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால், முதலில் திரும்பும் டிக்கெட்டைப் போட்டுவிட்டு மற்றவற்றைப் பிறகு பார்க்கலாம்.