சந்தா கட்டிய முதல் நான்கு வாரங்கள்

ஒரு பத்திரிகையின் இணையப் பதிப்புக்கோ செயலிக்கோ மாதச் சந்தா கட்டுகிறவர் பெரும்பாலும் ஒரே ஒரு காரணத்துக்காகத்தான் கட்டுகிறார். ஒரு கட்டுரையைப் பாதி படித்திருப்பார். மீதிக்குப் பூட்டு போட்டிருக்கும். இரவு ஒன்பது மணி, கையில் போன், யூபிஐ இருக்கிறது. 150 ரூபாய்தானே என்று கட்டிவிடுகிறார். கட்டுரையை முடித்ததும் போனை வைத்துவிட்டுத் தூங்கப் போகிறார். மறுநாள் அந்தப் பத்திரிகை அவர் நினைவில் இருக்குமா என்பதைக் கட்டணம் வாங்கிய நிறுவனம் யோசிப்பதே இல்லை. விற்பனைப் பிரிவின் கணக்கில் ஒரு சந்தாதாரர் கூடிவிட்டார், அத்தோடு வேலை முடிந்தது. உண்மையில் அந்த இரவில்தான் வேலை தொடங்குகிறது.

எந்தச் சந்தாத் தொழிலிலும், ஒரே மாதத்தில் சேர்ந்தவர்களை ஒரு குழுவாக எடுத்துக்கொண்டு மாதாமாதம் எத்தனை பேர் மிஞ்சுகிறார்கள் என்று வரைந்து பார்த்தால், கோடு தொடக்கத்தில் செங்குத்தாக இறங்கும். பிறகு மெல்லச் சாய்ந்து, கிட்டத்தட்டப் படுத்துவிடும். விட்டுப் போகிறவர்களில் மிகுதியானோர் முதல் இரண்டு மூன்று மாதங்களிலேயே போய்விடுகிறார்கள். அதைத் தாண்டியவர்கள் எளிதில் போவதில்லை. மொத்தச் சந்தாதாரர் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது தெரியவே தெரியாது, ஏனென்றால் விளம்பரத்தால் வரும் புதியவர்கள் போனவர்களின் இடத்தை நிரப்பி, எண்ணிக்கை வளர்வதுபோலவே காட்டிக்கொண்டிருப்பார்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்களிடம் சொந்த எண்கள் இருந்தால் அவற்றைப் போட்டுக்கொள்ளுங்கள். மாதச் சந்தா 150 ரூபாய். ஒருவரைச் சேர்க்க விளம்பரச் செலவு 600 ரூபாய். இந்த மாதம் 1,000 பேர் சேர்கிறார்கள். முதல் மாத முடிவில் 30 சதவீதம் பேர் விலக, 700 பேர் நிற்கிறார்கள். அடுத்த மாதம் 20 சதவீதம் போக 560. மூன்றாவது மாதம் 10 சதவீதம் போக 504. அதற்குப் பின் மாதம் 4 சதவீதம் பேர்தான் போகிறார்கள். இந்த வேகத்தில், மூன்று மாதத்தைத் தாண்டிய ஒருவர் சராசரியாக இன்னும் 25 மாதம் கட்டுவார்.

இப்போது ஒன்றை மட்டும் மாற்றுவோம். முதல் மாதத்தில் 30 சதவீதத்துக்குப் பதில் 20 சதவீதம் பேர் போகிறார்கள். மற்ற விகிதங்கள் அப்படியே இருக்கட்டும். 800, 640, 576 என்று கோடு இறங்கும். மூன்று மாத முடிவில் கூடுதலாக நிற்பவர் 72 பேர். இந்த 72 பேரும் 25 மாதம் கட்டுவதையும், நடுவில் இரண்டு மாதங்களில் கூடுதலாக வந்ததையும் சேர்த்தால் ஏறத்தாழ 2,97,000 ரூபாய். இதே தொகையைப் புதியவர்களை வைத்து ஈட்ட வேண்டுமானால் இன்னும் 133 பேரைச் சேர்க்க வேண்டும். அதற்கு விளம்பரச் செலவு சுமார் 80,000 ரூபாய். அதாவது சேர்ந்த ஒவ்வொருவரையும் முதல் மாதத்தில் கவனித்துக்கொள்ள ஆளுக்கு 80 ரூபாய் வரை செலவழித்தாலும் விளம்பரத்தைவிட நஷ்டமில்லை. நான்கைந்து கடிதங்களும் ஒரு போன் அழைப்பும் 80 ரூபாய்க்குள் அடங்கிவிடும்.

சரி, முதல் மாதத்தில் எதைக் கவனிப்பது? அமெரிக்காவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் மெடில் இதழியல் பள்ளி 2019இல் இதற்கு ஒரு விடை கண்டது. சிகாகோ ட்ரிப்யூன், இண்டியானாபோலிஸ் ஸ்டார், சான் பிரான்சிஸ்கோ கிரானிக்கிள் ஆகிய மூன்று நாளிதழ்களின் வாசகர் தரவுகளை அலசினார்கள். எத்தனை கட்டுரை படித்தார், எவ்வளவு நேரம் படித்தார் என்பதைக் காட்டிலும், எத்தனை முறை திரும்பத் திரும்ப வந்தார் என்பதே அவர் சந்தாவில் நிற்பாரா என்பதைத் தெளிவாகக் காட்டியது. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்கார்ந்து படித்துவிட்டு மற்ற நாட்களில் எட்டிப் பார்க்காதவரைவிட, தினமும் ஐந்து நிமிடம் வந்து போகிறவர் நிலையாக நிற்கிறார்.

இந்த ஒரு முடிவு வரவேற்பின் நோக்கத்தையே மாற்றிவிடுகிறது. பல நிறுவனங்கள் புதிய சந்தாதாரருக்கு அனுப்பும் முதல் கடிதத்தில் தங்களிடம் இருப்பதையெல்லாம் அடுக்குகின்றன: இருபதாண்டுக் கால இதழ்த் தொகுப்பு, ஒலி வடிவம், குறுக்கெழுத்து, சமையல், ஜோதிடம், போட்டிகள். படிப்பவர் மலைத்துப்போய் மூடிவிடுகிறார். அவருக்கு அன்று தேவை ஒன்றே ஒன்று: நாளைக்குத் திரும்பி வர ஒரு காரணம்.

நல்ல முதல் கடிதம் நான்கு வரிதான் இருக்கும். பணம் கிடைத்துவிட்டது, அடுத்த தவணை எந்தத் தேதி, எந்த எண்ணைக் கொண்டு உள்ளே வர வேண்டும், நீங்கள் நேற்றுப் படித்த கட்டுரையை எழுதியவரின் இன்னொரு கட்டுரை இதோ. கட்டிய சில நிமிடங்களுக்குள் அது போய்விட வேண்டும். மறுநாள் போனால் பாதிப் பேருக்கு ஆர்வம் ஆறியிருக்கும்.

அதற்கு முன்னால் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது, அதில்தான் நிறையப் பேர் தொலைந்துபோகிறார்கள். பணம் கட்டியவர் கணினியில் கட்டியிருப்பார், படிப்பது போனில். ஒரு கைபேசி எண்ணில் கட்டிவிட்டு வேறு எண்ணில் உள்ளே நுழையப் பார்ப்பார். ஓடிபி வராது. மறுபடியும் அதே பூட்டு. புகார் சொல்லமாட்டார், ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு விட்டுவிடுவார். இரண்டாம் நாள் வரை ஒருமுறைகூட உள்ளே வராதவர்களின் பட்டியலை எடுத்து அழைப்பதே இதற்கு மருந்து. அந்த அழைப்பு இவ்வளவுதான்:

"வணக்கம் சார், முந்தாநாள் சந்தா கட்டியிருந்தீங்க. படிக்க முடியுதுங்களா?"

"எங்கம்மா, திரும்பவும் பணம் கட்டுன்னுதான் கேக்குது."

"எந்த நம்பர் போட்டு உள்ள போறீங்க சார்? கட்டினது உங்க பையன் நம்பர்ல இருந்துங்களா?"

"ஆமாம்மா, அவன்தான் கட்டிக் கொடுத்தான்."

இரண்டு நிமிடத்தில் எண்ணை மாற்றிக் கொடுத்துவிடலாம். அந்த அழைப்பு இல்லையென்றால் அடுத்த மாதம் அவர் கட்டாயம் இருக்கமாட்டார்.

முதல் வாரம் இப்படிக் கதவைத் திறந்துவிடுவதில் போகும். இரண்டாவது வாரத்தில் வழக்கம் ஒன்றைப் பிடித்துத் தர வேண்டும். காலையில் ஒரே நேரத்துக்கு வரும் செய்தித் தொகுப்பு இதற்கு மிகவும் கைகொடுக்கும். ஏழு மணி என்றால் தினமும் ஏழு மணிக்கே வர வேண்டும். வாசகர் அரசியலுக்காகச் சேர்ந்தாரா, ஒரு தொடர்கதைக்காகச் சேர்ந்தாரா என்பது எந்தக் கட்டுரையின் பூட்டில் பணம் கட்டினார் என்பதிலிருந்தே தெரியும். அதைக் கேட்டுத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. தொடர்கதைக்காக வந்தவருக்குப் புதிய அத்தியாயம் வந்த அன்று ஒரு வரி அனுப்பினால் போதும். தினமும் ஐந்து அறிவிப்பு அனுப்பினால் அறிவிப்பையே அணைத்துவிடுவார், பிறகு அவரை எட்டும் வழி அடைந்துவிடும்.

மூன்றாவது வாரத்தில் பட்டியலைப் பாருங்கள். கடந்த ஏழு நாட்களில் எத்தனை நாள் வந்தார் என்பது ஒவ்வொருவர் பெயருக்கு எதிரேயும் இருக்க வேண்டும். சுழியம் என்று இருப்பவர்களுக்கு ஆசிரியர் பெயரில் ஒரு கடிதம்: உங்களுக்குப் பிடித்தது கிடைக்கவில்லையா, என்ன எதிர்பார்த்தீர்கள்? பதில் வந்தால் மனிதர் ஒருவர் படித்து, மனிதரே பதில் எழுத வேண்டும்.

நான்காவது வாரத்தில் பணம் வருகிறது. இந்தியாவில் இது தனிக் கதை. ரிசர்வ் வங்கியின் விதிகள் 2021 அக்டோபர் 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தபின், கார்டிலிருந்து தானாகப் பிடிக்கும் தவணைக்கு 24 மணி நேரம் முன்பே வாடிக்கையாளருக்குத் தகவல் போயாக வேண்டும். நாளை உங்கள் கணக்கிலிருந்து 150 ரூபாய் எடுக்கப்படும் என்ற அந்தக் குறுஞ்செய்தி ஒவ்வொரு மாதமும் ஒரு கேள்வியைக் கேட்டுவிடுகிறது: இது எனக்கு வேண்டுமா? அந்த வாரத்தில் நான்கு நாள் படித்தவர் அதைத் தள்ளிவிட்டுப் போகிறார். மாதம் முழுக்க எட்டிப் பார்க்காதவர் உடனே ரத்து செய்கிறார். அதனால் தவணைக்கு முந்தைய வாரத்தில் சிறந்த கட்டுரைகள் வருவதுபோலத் திட்டமிடும் ஆசிரியர் குழுவை நான் மெச்சுவேன்.

மனமில்லாமல் போகிறவர்களும் உண்டு. மாதக் கடைசியில் கணக்கில் பணம் இல்லாமல் தவணை தவறும், கார்டு காலாவதியாகியிருக்கும். இவர்கள் விலக நினைத்தவர்கள் அல்லர். தவணைத் தேதியைச் சம்பளம் வரும் நாளுக்குப் பின்னால் தள்ளுவதும், தவறியவுடன் கணக்கை மூடாமல் ஒரு வாரம் படிக்க விட்டு நினைவூட்டுவதும் இவர்களை மீட்டுவிடும். விலகியவர்களைப் பற்றிப் பேசும்போது, தாமாகப் போனவர்களையும் பணம் பிடிபடாமல் போனவர்களையும் தனித்தனியே எண்ண வேண்டும். இரண்டுக்கும் மருந்து வேறு.

இதெல்லாம் பலன் தருகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? புதியவர்களில் ஐந்தில் ஒரு பங்கினரைக் குலுக்கல் முறையில் பிரித்து, அவர்களுக்குப் பழைய முறையையே தொடர வேண்டும். 90 நாள் கழித்து இரு குழுவிலும் எத்தனை சதவீதம் பேர் நிற்கிறார்கள் என்று ஒப்பிட வேண்டும். இதைச் செய்யாமல், கடிதத்தைத் திறந்து படித்தவர்கள் அதிகம் நிற்கிறார்கள் என்று மகிழ்வதில் பொருளில்லை. ஆர்வமுள்ளவர்தானே கடிதத்தையும் திறப்பார். ஒரு ரூபாய்ச் சலுகையில் வந்தவர்களையும் முழு விலையில் வந்தவர்களையும் ஒரே குழுவில் கலந்தாலும் கணக்கு பொய் சொல்லும்.

இருப்பவரைக் காப்பதே எப்போதும் மேல் என்று நான் சொல்லவில்லை. ஃப்ரெடரிக் ரைக்கெல்டும் ஏர்ல் சாசரும் 1990இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில், விலகுவோரை 5 சதவீதம் குறைத்தால் லாபம் 25 முதல் 85 சதவீதம் வரை உயரலாம் என்று எழுதினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட தொழில்களுக்கான கணக்கு அது. எல்லாத் தொழிலுக்கும் பொதுவான விதியாக அதை மேடைதோறும் சொல்வது தவறு. 2010இல் வெளிவந்த தம் நூலில் பைரன் ஷார்ப், பிராண்டுகள் பெரிதாவது புதிய வாடிக்கையாளர்களால்தான் என்று வாதிட்டார். முந்நூறு சந்தாதாரர் மட்டுமே உள்ள புதிய இதழுக்கு அவர் சொல்வது பொருந்தும். அங்கே காப்பதற்கு ஆளே போதாது. மூன்றாம் மாதத்துக்குப் பிறகு கோடு படுத்துவிட்ட இதழிலும், விலகலை இன்னும் குறைக்கச் செலவழிப்பது அவ்வளவாகப் பலன் தராது. முதல் மாதத்தில் செங்குத்தாக இறங்கும் இதழுக்குத்தான் நான் இவ்வளவு சொன்னேன்.

ரத்து செய்யும் பொத்தானை ஒளித்துவைத்து ஆட்களைப் பிடித்துவைப்பது இதில் சேராது. 2023 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் அப்படிச் செய்வதைச் சந்தாப் பொறி என்றே பட்டியலிட்டுத் தடை செய்திருக்கின்றன. அப்படி மாட்டிக்கொண்டு தவித்தவர் மறுபடி ஒருநாளும் திரும்பி வரமாட்டார். எளிதாக விலகிப் போனவரோ, அடுத்த தேர்தலுக்கோ அடுத்த நல்ல தொடருக்கோ திரும்பி வரக்கூடும்.

சந்தா நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான். அடுத்த விளம்பரத்துக்குப் பணம் ஒதுக்குமுன், போன மாதம் சேர்ந்தவர்களின் பட்டியலை எடுத்து, கடந்த ஏழு நாளில் ஒருமுறைகூட உள்ளே வராதவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். அவர்களில் சிலரையாவது இன்றே அழைத்துப் பேசிவிடுங்கள்.