மின்சார பில்லில் ஆறு அலகு பிழைத்தால் என்ன ஆகும்?

மானி வாசிப்பில் சிறு பிழை வந்தால் "அடுத்த மாதம் தானாகச் சரியாகிவிடும்" என்று நம்மூரில் பலரும் சொல்வார்கள். அலகு சரியாகும், ஆனால் பணம் திரும்பாது. எப்படி என்று பார்ப்போம்.

2025 ஏப்ரல் 10இல் மூதூரில் என் கடைக்கு அயல்வீட்டு ராத்தா ஒருவர் பில்லோடு வந்தார். "தம்பி, ஒவ்வொரு மாதமும் ஐந்நூறு ரூபாய்தான் வரும். இந்த முறை ஆயிரத்தைத் தாண்டிவிட்டதே" என்றார்.

பில்லில் மார்ச் 5இன் வாசிப்பு 4810, ஏப்ரல் 7இன் வாசிப்பு 4877. வித்தியாசம் 67 அலகு, நாட்கள் 33.

அவர் வீட்டு மானியைப் போய்ப் பார்த்தேன். 4876 என்று காட்டியது. மூன்று நாளைக்குப் பிறகும் மானி பில்லைவிடக் குறைவாக நின்றால் வாசிப்பு பிழை என்பது நிச்சயம். 4871ஐ 4877 என்று எழுதியிருக்கிறார்கள். உண்மையான பாவனை 61 அலகுதான்.

அறுபதைத் தாண்டினால் உயர்ந்த கட்டணம்தானே என்று நீங்கள் கேட்கலாம். அந்த 60 என்பது 30 நாளுக்கு உரியது, அதாவது நாளொன்றுக்கு 2 அலகு. 33 நாளுக்கு எல்லை 66. ஆகவே 61 கீழ்ப்படியிலேயே நிற்கிறது, 67 மேற்படிக்குப் போய்விடுகிறது.

அப்போது 2025 ஜனவரிக் கட்டணம் நடைமுறையில் இருந்தது. அதன்படி 61 அலகுக்கு முதல் 33 அலகு 4 ரூபாய் வீதம் 132, மீதி 28 அலகு 6 ரூபாய் வீதம் 168, நிலையான கட்டணம் 200. மொத்தம் 500 ரூபாய்.

67 அலகு என்றால் முதல் அலகிலிருந்தே கட்டணம் மாறும். 66 அலகு 11 ரூபாய் வீதம் 726, ஓர் அலகு 14, நிலையான கட்டணம் 400. மொத்தம் 1,140 ரூபாய். வரி தனி.

ஆறு அலகுக்கு 640 ரூபாய் கூடுதல்! அடுத்த மாதம் அந்த ஆறு அலகு குறையும்தான். ஆனால் கீழ்ப்படியில் அலகு 6 ரூபாய் வீதம் 36 ரூபாய்தான் மிஞ்சும். மீதி 604 ரூபாய் போனது போனதுதான்.

இதைக் கண்டுபிடிக்க நேரம் மிகக் குறைவு. இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் மானி 4877ஐக் கடந்திருக்கும், அத்தாட்சியும் மறைந்திருக்கும். ஆகவே பில் கிடைத்த அன்றே மானியைப் பாருங்கள். பழைய மானிகளில் சிவப்புக் கட்டத்திலுள்ள கடைசி இலக்கம் தசமம், அதைச் சேர்க்காதீர்கள். மானி பில்லைவிடக் குறைவாக இருந்தால் திகதி தெரியும்படி தொலைபேசியில் படம் எடுத்து, பில்லோடு மின்சார அலுவலகத்தில் எழுத்து மூலம் முறையிடுங்கள். அங்கு தீராவிட்டால் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு இருக்கிறது.

கட்டணம் அடிக்கடி மாறும். உங்கள் பில்லின் திகதிக்குரிய கட்டணத்தை வைத்தே கணக்குப் பாருங்கள். ராத்தாவுக்குப் படமும் பில்லும் போதுமாக இருந்தன. பில்லைத் திருத்திக் கொடுத்தார்கள்.