தொட்டி மூடியும் 14 நாள் மாத்திரையும்

“காய்ச்சல் விட்டுப்போச்சு, அதான் மாத்திரைய நிறுத்திட்டேன்.” தூத்துக்குடிக் கடற்கரையில் மலேரியா வந்து தேறியவர்களிடம் இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. சங்கு குளிக்கிறவர், தோணியில் போகிறவர், உப்பளத்தில் வேலை செய்கிறவர் என்று யாரைக் கேட்டாலும் கதை ஒன்றுதான்.

பழைய துறைமுகத்தில் தோணி ஏறும் ஒருவரை வைத்தே சொல்கிறேன். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வருகிறது. மருந்துக் கடையில் இரண்டு மாத்திரை வாங்கிப் போடுகிறார். வியர்த்துக் கொட்டி இறங்கிவிடுகிறது. ஒரு நாள் விட்டு மறுநாள் அதே நேரத்துக்குத் திரும்ப வருகிறது. ஒரு வாரம் இப்படியே போன பிறகு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிறார். விரல் நுனியில் குத்தி, கண்ணாடித் தகட்டில் ரத்தத் தடவல் எடுத்து, வைவாக்ஸ் மலேரியா என்று சொல்கிறார்கள். குளோரோகுயின் 3 நாள், பிரிமாகுயின் 14 நாள். மூன்றாம் நாளே உடம்பு லேசாகிவிடுகிறது. நான்காம் நாள் தோணி கிளம்புகிறது. மீதி மாத்திரை வீட்டு அலமாரியில் கிடக்கிறது. இரண்டு மாதம் கழித்து, மலையில் எஸ்டேட் வேலை பார்க்கும் அக்கா வீட்டு விசேஷத்துக்குப் போன இடத்தில் மறுபடி குளிர் நடுக்கம். அங்கே மலேரியா என்று யாருக்கும் தோன்றுவதில்லை. டைபாய்டு என்று ஊசி போட்டு அனுப்புகிறார்கள்.

குளோரோகுயின் ரத்தத்தில் உள்ள கிருமியை மட்டும்தான் கொல்லும். வைவாக்ஸ் கிருமியின் ஒரு பகுதி கல்லீரலில் உறங்கிக்கொண்டிருக்கும். வாரங்கள் கழித்தும் எழும், மாதங்கள் கழித்தும் எழும். அதைக் கொல்லத்தான் பிரிமாகுயின். காய்ச்சல் விட்டதற்கும் அந்த மாத்திரைக்கும் சம்பந்தமே இல்லை. காய்ச்சல் நின்ற பிறகுதான் அதன் வேலையே நடக்கிறது.

‘அவர் உடம்பு, அவர் பாடு’ என்று இதை முன்பு விட்டிருக்கலாம். பூமி சூடாகி வருவதால் இப்போது விட முடியாது. கொசு கடித்து உறிஞ்சிய கிருமி, கொசுவின் உடம்புக்குள் முதிர்ந்தால்தான் அடுத்தவருக்குத் தொற்றும். அந்த முதிர்ச்சி வெப்பத்தைப் பொறுத்தது. இதற்குப் பழைய தோராயக் கணக்கு ஒன்று உண்டு: சராசரி வெப்பநிலையிலிருந்து 14.5 டிகிரியைக் கழித்து, வரும் எண்ணால் 105ஐ வகுத்தால், வைவாக்ஸ் முதிர எத்தனை நாள் ஆகும் என்று கிடைக்கும். 18 டிகிரி என்றால் 30 நாள். அத்தனை நாள் உயிரோடு இருக்கும் கொசு மிகச் சில. 19 டிகிரி என்றால் 23 நாள், 20 என்றால் 19 நாள். ஒரு மாதம் வாழாத கொசு மூன்று வாரம் வாழ்ந்துவிடக்கூடும். மலையூர்களைக் காத்து வந்தது இந்தச் சில நாள் வித்தியாசம்தான், கொசு இல்லாமை அல்ல. மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் அனோபிலஸ் ஃப்ளூவியாட்டிலிஸ் என்ற மலேரியாக் கொசு வெகுகாலமாகவே உண்டு.

மலையில் 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 6 டிகிரி குறையும். அப்படியானால் ஒரு டிகிரி சூடு கூடினால், நோய் பரவக்கூடிய எல்லை சுமார் 170 மீட்டர் மேலே ஏறும். இது வெறும் காகிதக் கணக்கு அல்ல. எத்தியோப்பியாவிலும் கொலம்பியாவிலும் மலைப்பகுதி மலேரியாப் பதிவுகளை ஆராய்ந்து 2014இல் வந்த ஆய்வு, சூடான ஆண்டுகளில் நோய் உயரமான ஊர்களுக்கு ஏறுவதையும், குளிர்ந்த ஆண்டுகளில் இறங்குவதையும் காட்டியது. கொசு ஏற்கெனவே இருக்க, குளிரும் குறையும்போது, கிருமியைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு மனிதர் போதும். பாதியில் மாத்திரையை நிறுத்திய கடற்கரைக்காரர்தான் அந்த மனிதர்.

நம் ஊர்ப் பக்கம் சூடு வேறு விதமாக வேலை செய்கிறது. தூத்துக்குடியில் கிருமி முதிர வெப்பம் என்றுமே குறைவாக இருந்ததில்லை. 29, 30 டிகிரியில் ஏழே நாளில் முதிர்ந்துவிடும். வெயில் இன்னும் ஏறினால் கொசுவுக்கே கேடுதான். அப்படியும் கொசு பெருகுவதற்குக் காரணம் தண்ணீர்ப் பஞ்சம். குழாயில் தண்ணீர் சில நாளுக்கு ஒருமுறைதான் வரும் என்றால், ஜனங்கள் தரைத்தொட்டி, மாடித்தொட்டி, டிரம், சிமென்ட் தொட்டி என்று பிடித்து வைக்கிறார்கள். நகர மலேரியாவைப் பரப்பும் அனோபிலஸ் ஸ்டீபென்சி கொசுவுக்குச் சாக்கடை பிடிக்காது. நாம் குடிக்கப் பிடித்து வைத்த அந்தத் தெளிந்த தண்ணீரில்தான் முட்டையிடும்.

இந்தக் கொசு இந்தியாவோடு நிற்கவில்லை. 2012இல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டி துறைமுக நகரில் தென்பட்டது, அங்கே மலேரியா பெருகியது. மன்னார் வளைகுடாவுக்கு அக்கரையில் நடந்ததுதான் நமக்கு நேரான பாடம். இலங்கை 2016 செப்டம்பரில் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனத்திடம் சான்று பெற்றது. அதே ஆண்டு டிசம்பரில், ஒரு காலத்தில் நம்மோடு முத்துக்குளிப்பைப் பங்குபோட்ட மன்னார் தீவில், கிணறுகளில் ஸ்டீபென்சி புழு கிடைத்தது. பிறகு யாழ்ப்பாணத்திலும் கிடைத்தது. கடல் தாண்டும் கலமும், அதில் ஏற்றும் தண்ணீர்ப் பீப்பாயும் கொசுவுக்கு நல்ல வாகனம் என்பதைத் தோணிக்காரர்களுக்கும் படகுக்காரர்களுக்கும் சொல்ல வேண்டிய பொறுப்பு அதிகாரிகளுடையது. சொல்லக் காணோம்.

இனி செய்ய வேண்டியது. முதலில் ரத்தம். குளிரோடு வரும் எந்தக் காய்ச்சலுக்கும், மாத்திரை போடும் முன் மலேரியாப் பரிசோதனை கேளுங்கள். அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் நகர்ப்புற சுகாதார நிலையத்திலும் பரிசோதனை, மருந்து இரண்டும் இலவசம். உடனடி அட்டைச் சோதனையில் ‘இல்லை’ என்று வந்தும் காய்ச்சல் முறைவைத்து வந்தால், தடவல் பரிசோதனையை மறுபடி கேட்க வேண்டும். ஒரே தடவலில் சிக்காத கிருமி அடுத்த காய்ச்சலின்போது சிக்கும். முடிவை வாயால் கேட்டுக்கொண்டு வராதீர்கள். வைவாக்ஸா, ஃபால்சிபாரமா என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். இரண்டுக்கும் மருந்து வேறு. ஃபால்சிபாரத்தைக் குளோரோகுயினை நம்பி விட்டால் உயிருக்கே ஆபத்து.

வைவாக்ஸ் என்றால் பெரியவர்களுக்கு வழக்கமாக நாளொன்றுக்கு 15 மில்லிகிராம் பிரிமாகுயின், 14 நாள், சாப்பாட்டுக்குப் பிறகு. கர்ப்பிணிகளுக்கும் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் இது கூடாது. ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கு ரத்த அணுக்கள் உடையும். சிறுநீர் கருத்தாலோ கண் மஞ்சளானாலோ அப்போதே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் ஓடுங்கள். அப்படி ஏதும் இல்லையென்றால் நிறுத்தவே கூடாது. கடலுக்குப் போகிறவர் 14 நாள் மாத்திரையையும் கையோடு எடுத்துப் போகட்டும். மருந்து தரும் செவிலியரிடம் “கடலுக்குப் போறேன், மொத்தமாக் குடுங்க” என்று கேளுங்கள். எத்தனை நாள் மீதம் என்று வீட்டில் ஒருவர் நாள்காட்டியில் குறித்து வரட்டும். மறுபடியும் சொல்கிறேன்: காய்ச்சல் விட்டது மாத்திரையை நிறுத்தக் காரணம் ஆகாது.

கடந்த ஓராண்டுக்குள் மலேரியா வந்தவர் மலைக்குப் போன இடத்தில் காய்ச்சலானால், மருத்துவர் கேட்காவிட்டாலும் “தூத்துக்குடியிலிருந்து வந்திருக்கேன், ஏற்கெனவே மலேரியா வந்திருக்கு” என்று முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். பழைய சீட்டு கையில் இருந்தால் காட்ட வேண்டும்.

அடுத்தது தொட்டி. முட்டை கொசுவாகப் பறக்க நம் சூட்டில் ஏழு முதல் பத்து நாள் போதும். ஆகவே வாரம் ஒருமுறை டிரம்மையும் சிறு தொட்டியையும் காலிசெய்து, உட்சுவரைத் தேய்த்துக் காயவைக்க வேண்டும். பெரிய தொட்டியை அப்படிச் செய்ய முடியாது. அதற்கு மூடி இடைவெளி இல்லாமல் பொருந்த வேண்டும், காற்றுக் குழாயின் வாயிலும் வழிந்தோடும் குழாயின் வாயிலும் கொசுவலைத் துணி கட்ட வேண்டும். மாடியேறிப் பாருங்கள். மூடி உடைந்து, மேலே ஒரு கல்லை வைத்த தொட்டி தெருவுக்கு எத்தனை என்று தெரியும். டார்ச் அடித்துத் தண்ணீரைப் பார்த்தால் கண்டுபிடிக்கலாம். நீர்மட்டத்தோடு ஒட்டிப் படுக்கையாகக் கிடக்கும் புழு மலேரியாக் கொசுவினுடையது. தலைகீழாகத் தொங்குவது மற்ற வகை. மூட முடியாத கிணற்றுக்குக் கம்பூசியா, கப்பி மீன்களை மாநகராட்சியிடமோ சுகாதாரத் துறையிடமோ கேளுங்கள். மன்னாரிலும் கிணற்றில் மீன் விட்டார்கள்.

தெருவில் புகை அடித்துவிட்டுப் போவதை வேலை முடிந்ததாகக் கணக்குக் காட்டும் வழக்கம் நிற்க வேண்டும். மாடித்தொட்டிக்குள் இருக்கும் புழுவுக்குப் புகை எட்டாது.

பூட்டிய வீடு, பாதியில் நின்ற கட்டடம், கிடங்குத் தொட்டி ஆகியவற்றில் புழு இருந்தால் நீங்களே சண்டைக்குப் போக வேண்டாம். 1939ஆம் ஆண்டு தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டம், கொசு வளரும் இடத்தைச் சரிசெய்யச் சொல்லி உரிமையாளருக்கு அறிவிப்புத் தரவும், செய்யாவிட்டால் தானே செய்யவும் சுகாதார அலுவலருக்கு அதிகாரம் தருகிறது. மனுவை மாநகராட்சி எல்லைக்குள் மாநகர நல அலுவலருக்கும், கிராமத்தில் வட்டார மருத்துவ அலுவலருக்கும் எழுதுங்கள். “எங்க தெருவில் கொசுத்தொல்லை” என்று எழுதினால் ஒன்றும் நடக்காது. கதவு எண், தொட்டி எங்கே இருக்கிறது, புழுவைப் பார்த்த தேதி, ஒரு படம், ‘மேற்படி சட்டப்படி உரிமையாளருக்கு அறிவிப்பு வழங்கக் கோருகிறேன்’ என்ற ஒரு வரி. நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். பதில் இல்லையென்றால் அதே நகலோடு திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் கொடுங்கள்.

துறைமுக எல்லைக்குள் என்றால் வழி வேறு. அங்கே மத்திய அரசின் துறைமுகச் சுகாதார அலுவலருக்கும் துறைமுக ஆணையத்துக்கும் எழுத வேண்டும். 2005ஆம் ஆண்டின் சர்வதேசச் சுகாதார விதிகள், துறைமுகத்தில் பயணிகளும் சரக்கும் கையாளப்படும் இடங்களைச் சுற்றிக் குறைந்தது 400 மீட்டர் வரை கொசுக்கட்டுப்பாடு வேண்டும் என்கின்றன. அந்த 400 மீட்டர் மாநகராட்சி வார்டுக்குள்ளும் நீண்டால், “அது அவங்க எல்லை” என்று இரண்டு பக்கமும் கை காட்டுவார்கள். இருவருக்கும் ஒரே மனுவை அனுப்பி, நகல் மற்றவருக்கும் போகிறது என்று மனுவிலேயே குறிப்பிடுங்கள்.

அதற்கும் அசையாவிட்டால், 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு மாவட்டச் சுகாதார அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். மூன்று கேள்வி போதும். இந்த வார்டில் கடந்த ஆண்டு எத்தனை ரத்தத் தடவல் எடுக்கப்பட்டது? அதில் வைவாக்ஸ் எத்தனை? அவர்களில் 14 நாள் மருந்தை முடித்தவர்கள் எத்தனை பேர் என்று பதிவாகியுள்ளது? 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதன்பின் 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள். மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலை எடுத்துக்கொண்டு வார்டு கவுன்சிலரிடம் போங்கள்.