உஷார்! முதல் நைட் டூட்டி முடிந்த காலையில் ஸ்கூட்டியைத் தொடாதீர்கள்

நர்ஸ்களுக்கான ஆரோக்கியத் திட்டம் என்று மருத்துவமனைகள் அறிவித்தாலே எனக்குப் பயம் வருகிறது. பெரும்பாலும் அது மதியம் 3 மணிக்கு ஒரு மன அழுத்த வகுப்பாக முடிந்துவிடும். நைட் டூட்டி பார்த்துவிட்டு வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பவர்களையும் எழுப்பி வரச் சொல்வார்கள். தூக்கம் பற்றிச் சொல்லித்தருவதற்காகத் தூக்கத்தையே பறிக்கும் ஏற்பாடு இது. உண்மையான ஆபத்து வேறோர் இடத்தில் இருக்கிறது: நைட் டூட்டி வாரத்தின் முதல் இரவில்.

ஒரு ஸ்டாஃப் நர்ஸின் முதல் நைட்டைக் கணக்கிட்டுப் பாருங்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பக் காலை 5.30 மணிக்கு எழுகிறார். பகலெல்லாம் சமையல், துணி, கடை. இரவு 8 மணிக்கு டூட்டி. 10.30 மணி மருந்துச் சுற்றுக்குப் போகும்போதே அவர் விழித்து 17 மணி நேரம் ஆகிவிட்டது. விடியும்போது 24 மணி நேரம். ஹேண்டோவர் முடித்து 8.30 மணிக்கு ஸ்கூட்டி சாவியை எடுக்கும்போது 27.

இந்த எண்களுக்கு என்ன பொருள்? 1997இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்ணும் கையும் எவ்வளவு ஒத்துழைக்கின்றன என்று சோதித்தார்கள். 17 மணி நேரம் விழித்திருந்தவர்களின் தடுமாற்றம், 100 மில்லி ரத்தத்தில் சுமார் 50 மில்லிகிராம் மது இருப்பவரின் தடுமாற்றத்துக்குச் சமமாக இருந்தது. 24 மணி நேரத்தில் அது சுமார் 100 மில்லிகிராம் அளவுக்குப் போனது. நம் நாட்டில் வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் வரம்பு 30. அமெரிக்காவில் ஷிஃப்ட் தொழிலாளர்கள் 16 பேரை, நைட் முடிந்த பிறகு மூடிய தளத்தில் கார் ஓட்ட வைத்து 2016இல் ஓர் ஆய்வு வெளியானது. ஆறு பேர் விபத்தின் விளிம்புவரை போனார்கள். அதே ஆட்கள் இரவில் தூங்கிவிட்டு ஓட்டியபோது ஒருவருக்கும் அப்படி நேரவில்லை.

வார்டுக்குள்ளும் இதே கதைதான். விடிகாலை 3 மணி முதல் 6 மணி வரை உடம்பின் வெப்பம் இறங்கி, விழிப்பு அடிமட்டத்துக்குப் போகும். அந்த நேரத்தில் ஒரே வரியை இரண்டு முறை படிப்பது, சார்ட்டில் எழுதினோமா என்று நினைவில்லாமல் போவது, கண் திறந்திருக்கும்போதே சில விநாடிகள் காணாமல் போவது எல்லாம் எச்சரிக்கை. "எனக்குப் பழகிப்போச்சு" என்று சொல்பவரை நம்பாதீர்கள். தூக்கம் கெட்டவருக்குத் தன் தடுமாற்றம் சரியாகத் தெரியாது. இன்சுலின், ஹெப்பாரின், பொட்டாசியம் மூன்றையும் அந்த நேரத்தில் இன்னொருவர் கண் பார்க்காமல் ஏற்றக் கூடாது.

ஆகவே திட்டம் முதல் நைட்டுக்கு முந்தைய மதியத்தில் தொடங்க வேண்டும். இருட்டறையில் ஒன்றரை மணி நேரமாவது தூங்கிவிட்டு வர வேண்டும். அன்று பகலில் பயிற்சி, மீட்டிங் எதற்கும் அவரை அழைக்கவே கூடாது. இரவில் 2 மணி வாக்கில் 20 நிமிடத் தூக்கம், அதுவும் டூட்டி பட்டியலிலேயே எழுதப்பட்டு, இன்-சார்ஜ் சிஸ்டர் ஒப்புதலோடு. அரை மணியைத் தாண்டினால் ஆழ்ந்த தூக்கத்தில் இறங்கிவிடுவார். எழுந்ததும் மந்தம் பிடிக்கும். 20 நிமிடத்தில் எழுந்தாலும், முகம் கழுவிக் கால் மணி நேரம் கழித்துத்தான் மருந்தைத் தொட வேண்டும். வார்டுக்கு ஒரே நர்ஸ் இருக்கும் இடத்தில் இது நடக்காது. அங்கே மாற்று ஆள் போடாமல் தூக்கத்தைப் பற்றிப் பேசுவது அநியாயம்.

காபி, டீ நள்ளிரவு தாண்டி ஒன்று, இரண்டு மணிக்குள் போதும். குடித்த காஃபினில் பாதி வெளியேறவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகிறது. 4 மணிக்குக் குடித்தது 9 மணித் தூக்கத்தைக் கெடுக்கும். வீடு வந்ததும் சமையலறைக்குப் போகாமல் படுக்கைக்குப் போக வேண்டும். குடும்பத்தாரே, இது உங்கள் காதுக்கு: அம்மா 9 மணிக்கு வந்தால் மதியம் 2 மணிவரை குக்கர் சத்தம், காலிங் பெல், போன் எதுவும் அவரை எழுப்பக் கூடாது. பகல் தூக்கம் இயல்பாகவே குறைவானது. ஐந்து மணி நேரம்தான் கிடைத்தது என்றால், மாலையில் டூட்டிக்குப் போகும் முன் இன்னும் ஒன்றரை மணி நேரம் தூங்கச் செய்யுங்கள்.

இன்-சார்ஜ் சிஸ்டர்களே, நாளைக் காலை ஹேண்டோவரில் ஒரே ஒரு கேள்வியைச் சேருங்கள்: "நேத்து எத்தனை மணிக்கு எழுந்தீங்க சிஸ்டர்?" அதிலிருந்து 17 மணி நேரம் தாண்டியிருந்தால் வண்டிச் சாவியை வாங்கி வையுங்கள். மருத்துவமனை வண்டியோ பஸ்ஸோ ஆட்டோவோ, வேறொருவர் ஓட்டி அவர் வீடு போகட்டும். எதுவும் இல்லையென்றால் ஓய்வறையில் படுத்து எழுந்து போகட்டும்.