தேதியும் இடமும் எழுத்தில் இருக்கட்டும்

“அடுத்த வாரம் உட்காரலாம்” என்று மனிதவள மேலாளர் வாயால் சொல்வதற்கு எந்த மதிப்பும் இல்லை. சம்பளப் பேச்சுவார்த்தைகள் இழுபடுவதற்குப் பெரும்பாலும் கோரிக்கைகள் காரணமல்ல. எப்போது, எங்கே, எந்த வரிசையில், யார் யார் பேசுவது என்பதைத் தொடங்கும் முன் எழுதிக்கொள்ளாததே காரணம்.

ஒரகடம் பக்கம் 240 பேர் வேலை செய்யும் வாகன உதிரிபாக ஆலை ஒன்று என்று வைத்துக்கொள்வோம். மூன்றாண்டு ஒப்பந்தம் மார்ச் 31-இல் முடிகிறது. சங்கம் ஜனவரியிலேயே கோரிக்கைப் பட்டியல் கொடுத்துவிட்டது. பிப்ரவரியில் ‘ஆடிட்’, மார்ச்சில் ‘ஆண்டு முடிவு’, ஏப்ரலில் ‘எம்.டி. வெளிநாட்டில்’. கடைசியில் ஜூலை இறுதியில் மாதம் 4,000 ரூபாய் உயர்வுக்குக் கையெழுத்தாகிறது, ஆனால் ஆகஸ்ட் 1 முதல். ஏப்ரல் முதல் ஜூலை வரை நான்கு மாதத்தில் ஒவ்வொருவருக்கும் போனது 16,000 ரூபாய். 240 பேருக்குக் கணக்குப் போட்டால் 38,40,000 ரூபாய். யாரும் எதையும் மறுக்காமலே, தேதியைத் தள்ளித் தள்ளியே கரைந்த பணம் இது.

அதனால் கோரிக்கைப் பட்டியலோடு, பழைய ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளும் அறிவிப்புக் கடிதமும் போக வேண்டும். பழைய ஒப்பந்தத்தின் காலம் முடிந்துவிட்டாலும் அது தானாகச் செத்துவிடாது. முடித்துக்கொள்கிறோம் என்று எழுத்தில் அறிவிப்புக் கொடுத்து 60 நாள் ஆகும்வரை அது இரு தரப்பையும் கட்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்திலும் இந்த ஏற்பாடு தொடர்கிறது. அந்தக் கடிதத்திலேயே மூன்று மாற்றுத் தேதிகளைக் குறிப்பிட்டு, ஏழு நாளுக்குள் ஒன்றை உறுதிசெய்யுங்கள் என்று கேளுங்கள். ஒரே தேதி கொடுத்தால் அன்றைக்கு முடியாது என்பதோடு கதை முடிந்துவிடும். மூன்றையும் மறுத்தால், மறுத்தது எழுத்தில் நிற்கும். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால், சேர்ந்ததற்கான சான்றுடன் விரைவுத் தபால்.

நேரத்தையும் பாருங்கள். இரவு ஷிப்ட் முடித்து ஆறரைக்கு வெளியே வரும் பிரதிநிதியைப் பத்து மணிக்கு மேசையில் உட்காரவைத்தால், மதியம் மூன்று மணிக்கு எதை நீட்டினாலும் கையெழுத்துப் போடுகிற நிலையில்தான் அவர் இருப்பார். பேச்சுவார்த்தை நாளும் அதற்கு முந்தைய இரவும் பிரதிநிதிகளுக்குப் பணியில் இருந்ததாகவே கணக்கு வைக்க வேண்டும் என்பதை முதலிலேயே கேட்டுப் பெறுங்கள்.

அடுத்தது இடம். ஆலையின் கான்ஃபரன்ஸ் ஹாலில் பேசுவதால் உடனே அநியாயம் நடந்துவிடாது. ஆனாலும் அங்கே நிர்வாகத்துக்கு ஒவ்வொரு பத்து நிமிடமும் தனியாகப் போய்க் கலந்து பேச அறை இருக்கிறது. சங்கத்தாருக்கு மாடிப்படிதான். நிர்வாகம் முழுச் செலவையும் ஏற்று எடுத்த நட்சத்திர ஓட்டலும் பொது இடமல்ல. வாடகையைப் பாதிப் பாதி போட்டுக்கொள்ளும் சாதாரண மண்டபம் போதும், ஒரு நிபந்தனையோடு: இரு தரப்புக்கும் தனித்தனி அறை இருக்க வேண்டும். செலவில்லாத வழி தொழிலாளர் துறை சமரச அலுவலரின் அலுவலகம்.

பேசும் இடமும் கையெழுத்தாகும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இதைப் பலர் கவனிப்பதில்லை. இரு தரப்பும் தங்களுக்குள் போட்டுக்கொள்ளும் ஒப்பந்தம், அதாவது தொழிற்சங்க வட்டாரத்தில் 18(1) என்று சொல்வது, கையெழுத்திட்ட தரப்புகளை மட்டுமே கட்டும். சமரச நடவடிக்கையில் அலுவலர் முன் போடும் 12(3) ஒப்பந்தம் ஆலையின் எல்லாத் தொழிலாளரையும், பிறகு சேர்பவரையும் கட்டும். எண்கள் பழைய 1947 சட்டத்துடையவை. வேறுபாடு புதிய சட்டத்திலும் அப்படியே இருக்கிறது. இரண்டு சங்கம் உள்ள ஆலையில் மண்டபத்தில் பேசி முடித்துவிட்டு, கையெழுத்தைச் சமரச அலுவலர் முன் வைத்துக்கொள்வதே நல்லது.

யார் உட்காருவது என்பதைத் தீர்க்காமல் மேசை போட்டால் என்ன ஆகும் என்பதற்கு, சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9-இல் தொடங்கிய வேலைநிறுத்தத்தைப் பார்க்கலாம். அக்டோபர் 7-இல் ஒரு பகுதித் தொழிலாளர்களோடு நிர்வாகம் உடன்பாடு கண்டது. போராட்டத்தை நடத்திய சி.ஐ.டி.யு. சார்புச் சங்கம் அதை ஏற்கவில்லை; வேலைநிறுத்தம் நிற்கவும் இல்லை. 37 நாளுக்குப் பிறகு, தொழிலாளர் துறையின் சமரசத்தில்தான் முடிந்தது. கோரிக்கைகளுக்கு நிர்வாகம் சமரச அலுவலர் முன் எழுத்துப்பூர்வமாகப் பதில் தர வேண்டும் என்பது அந்த முடிவின் ஒரு பகுதி. புதிய சட்டப்படி, பல சங்கங்கள் இருந்தால் 51 சதவீத ஆதரவு உள்ளதே பேச்சுவார்த்தைச் சங்கம். எதற்கும் அவ்வளவு இல்லையென்றால், 20 சதவீத ஆதரவுள்ள சங்கங்கள் சேர்ந்த பேச்சுவார்த்தைக் குழு. உறுப்பினர் பட்டியலைச் சரிபார்க்கும் வேலை கோரிக்கைப் பட்டியலுக்கு முன்னால் முடிய வேண்டும்.

பேசுபொருள் வரிசையில் நிர்வாகம் உற்பத்தி இலக்கை முதலில் வைக்கும், சங்கம் சம்பளத்தை வைக்கும். இரண்டையும் முதலில் வைக்காதீர்கள் என்பதே என் கருத்து. ஒப்பந்தம் எந்தத் தேதியிலிருந்து அமலாகும், எத்தனை ஆண்டு நிற்கும் என்பதே முதல் இனம். அது தீர்ந்துவிட்டால் இழுத்தடிப்பதால் யாருக்கும் லாபமில்லை. பிறகு கேன்டீன், பேருந்து, சீருடை. அதன்பின் சம்பளமும் உற்பத்தியும் ஒரே அமர்வில், ஒன்றுக்கு எதிராக மற்றொன்று. உற்பத்தியை இன்று ஒப்புக்கொண்டு சம்பளத்தை அடுத்த அமர்வுக்கு விட்டால், கொடுத்தது கொடுத்ததுதான். இந்த இடத்தில் ஒரு விதி கைகொடுக்கும்: முழு ஒப்பந்தமும் கையெழுத்தாகும்வரை எந்தத் தனி இனமும் இறுதியல்ல. தற்காலிகப் பணிநீக்கத்தில் இருக்கும் தோழர்களின் விஷயத்தை மட்டும் இந்த வரிசைக்குள் நுழைய விடாதீர்கள். அவர்களைக் காட்டி 500 ரூபாய் குறைக்கச் சொல்வார்கள்.

நடைமுறை விதிகள் ஒரு பக்கத்தில் அடங்கும். தரப்புக்கு எத்தனை பேர், இரு தரப்பிலும் கையெழுத்திடும் அதிகாரம் உள்ளவர் வந்திருக்கிறாரா, தனியாகக் கலந்து பேச எவ்வளவு நேரம், வாயிற்கூட்டத்தில் எதுவரை சொல்லலாம், ஒளிப்பதிவு உண்டா இல்லையா. ‘மேலிடத்தைக் கேட்டுச் சொல்கிறேன்’ என்பவரோடு மூன்று அமர்வு பேசியது வீண் என்று கடைசியில் தெரிவதைவிட, முதல் நாளே அதிகாரக் கடிதம் கேட்பது மேல். நடவடிக்கைக் குறிப்பை அன்றே எழுதி, பக்கத்துக்குப் பக்கம் இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். வருகைப் பதிவு என்று சுற்றுக்கு விடும் தாளில் தலைப்பும் தேதியும் இல்லையென்றால் பேனாவைத் தொடாதீர்கள். அந்தத் தாள் பின்னால் வேறொரு பக்கத்தோடு சேர்ந்து நிற்கக்கூடும்.

தேதியே தராவிட்டால்? அங்கீகாரம் பெற்ற சங்கத்தோடு நல்லெண்ணத்தோடு பேச மறுப்பது நிர்வாகத்தின் நியாயமற்ற தொழிலாளர் நடைமுறை. சங்கம் மறுத்தாலும் அப்படியே. பதில் வராத கடிதங்களின் நகல்களை இணைத்துச் சமரச அலுவலரிடம் மனுக் கொடுங்கள். சமரசம் நிலுவையில் இருக்கையில், தகராறோடு தொடர்புடைய பணி நிபந்தனைகளை நிர்வாகம் தொழிலாளருக்குப் பாதகமாக மாற்றக் கூடாது. சங்கமும் அந்தக் காலத்திலும் அது முடிந்து ஏழு நாள்வரையிலும் வேலைநிறுத்தம் செய்ய முடியாது. அதன் பிறகும் 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். சமரசம் தோற்றால், அறிக்கை கிடைத்த 90 நாளுக்குள் தீர்ப்பாயத்துக்கு நேரே போகலாம். அங்கே முதலில் பார்ப்பது தேதியிட்ட கடிதங்களைத்தான்.